தீட்டிய அரிசியே சாப்பாடு என்றிருக்கும் ஊரில் பெரிபெரி அபாயத்தை மதிப்பிட்டுப் பதிவு செய்வது எப்படி

பெரிபெரியைத் தேடி ஒரு ஊருக்குள் போகிறவர்கள் முதலில் கேட்பது "இங்கே யாருக்காவது கால் வீங்கியிருக்கிறதா?" என்றுதான். அந்தக் கேள்வியில் தப்பில்லை. ஆனால் கால் வீங்கிய பெரியவர் கண்ணில் படும் முன்பே, அதே ஊரில் இரண்டு மூன்று மாதக் கைக்குழந்தைகள் இறந்திருக்கக்கூடும். அந்த மரணங்கள் "சளி", "மூச்சிரைப்பு", "திடீரென்று நீலம் பாரித்தது" என்ற பெயர்களில் புதைந்து கிடக்கும். தாய் நடமாடிக்கொண்டு, பார்க்க நன்றாகவே இருப்பாள். குழந்தையும் சாகும்வரை கொழுகொழுவென்று இருந்திருக்கும். எடை பார்த்தும் கைச்சுற்றளவு அளந்தும் ஊட்டக்குறைவைத் தேடும் கணக்கெடுப்பில் இவர்கள் சிக்க மாட்டார்கள்.

அதனால் இந்த வழிகாட்டி பாலூட்டும் தாய், அவளுடைய குழந்தை, அந்த வீட்டுச் சோற்றுப் பானை ஆகிய மூன்றையும் மையமாக வைத்துப் போகிறது. ஆரம்ப சுகாதாரப் பணியாளர், ஊட்டச்சத்து கணக்கெடுப்புக்குப் போகிறவர், முகாம்களில் வேலை செய்யும் மருத்துவர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முன்கதை கொஞ்சம்

தயமின் என்கிற வைட்டமின் பி1 குறைவதால் வரும் நோய் பெரிபெரி. தயமின் நெல்லில் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. அரிசியைத் தீட்டும்போது இரண்டும் போய்விடும். நெல்லைப் புழுக்கிய பிறகு தீட்டினால் கதை வேறு. புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பகுதி மணியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுவதால், தவிடு போன பிறகும் கொஞ்சம் மிஞ்சுகிறது. மலாயாவில் அந்தக் காலத்தில் புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் பெரிபெரி அரிதாகவும், பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களிடம் அதிகமாகவும் காணப்பட்டதை பிராடன் என்ற மருத்துவர் கவனித்தார். 1905-இல் வில்லியம் ஃபிளெட்சர் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பச்சரிசியும் மறு பாதிக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். நோய் பச்சரிசிப் பக்கமே குவிந்தது.

ஆகவே "அரிசிதான் முக்கிய உணவு" என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால் ஒன்றும் தெரியாது. எந்த அரிசி, எப்படிச் சமைத்தது என்பதும் வேண்டும்.

முதல் படி: அரிசி எப்போது மாறியது?

உடம்பில் தயமின் கையிருப்பு ரொம்பக் குறைவு. பெரியவருக்கே மொத்தம் 25 முதல் 30 மி.கி. அளவுதான். புதிதாக வருவது நின்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே கையிருப்பு குறையத் தொடங்கிவிடும். ஊர் அளவில் நோயாகத் தலைகாட்ட சில வாரங்கள் முதல் சில மாதங்கள் பிடிக்கும்.

எனவே காலக்கோடு ஒன்று போடுங்கள். "இப்போது வருகிற அரிசி எப்போதிருந்து? அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள்? பருப்பு, பயறு கடைசியாக வீட்டில் எப்போது இருந்தது?" இந்த மூன்று கேள்வி போதும். ஊரில் கைக்குத்தலை விட்டு இயந்திர அரவைக்கு மாறியது, நிவாரண அரிசி வந்தது, வெள்ளத்தில் வழி அடைபட்டுப் பயறு வராமல் போனது என்று ஏதாவது ஒரு திருப்பம் கிடைக்கும். அதன் தேதியையும் முதல் நோயாளியின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அரிசி மாறி நாலு நாளில் கால் வீங்கியது என்றால் காரணம் வேறாக இருக்கலாம்.

யாருக்கு முதலில் குறையும் என்பதும் ஊகிக்கக்கூடியதுதான். மாவுச்சத்தை எரிக்க தயமின் வேண்டும். ஆகவே நிறையச் சோறு சாப்பிட்டுக் கடுமையாக உடலுழைப்பவர், கர்ப்பிணி, பாலூட்டும் தாய், காய்ச்சலிலிருந்து தேறுகிறவர், மது அதிகம் குடிப்பவர் முன்வரிசையில் நிற்பார்கள். பிரசவத்துக்குப் பின் தாய்க்கு வெறும் சோறும் உப்பும் மட்டும் கொடுக்கும் பத்திய முறை இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். தென்கிழக்கு ஆசியாவில் கைக்குழந்தை பெரிபெரிக்குப் பின்னால் திரும்பத் திரும்பக் காணப்பட்ட காரணம் இது. வெற்றிலை பாக்கு, சாப்பாட்டோடு கடுந்தேநீர், சமைக்காமல் புளிக்கவைத்த மீன் ஆகியவை உள்ள தயமினையும் கெடுக்கக்கூடியவை. இவற்றை ஆம், இல்லை என்று குறித்தால் போதும். துல்லியமாக அளக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இரண்டாம் படி: பானையை எடைபோடுங்கள்

நேரம் அதிகம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பெரும்பாலான கணக்கெடுப்பு உணவு அட்டவணையில் உள்ள எண்ணை எடுத்து அரிசியின் எடையால் பெருக்கிவிடும். அட்டவணை சொல்வது மூட்டையில் இருக்கும் அரிசியைப் பற்றி. தயமின் தண்ணீரில் கரையும். ஆகவே தட்டுக்கு வந்து சேருவது வேறு கணக்கு.

சமைக்கும் நேரத்துக்குப் போங்கள். கையில் ஒரு சமையலறைத் தராசு போதும். நான்கு அளவுகள் எடுக்க வேண்டும்: கழுவும் முன் அரிசியின் எடை, எத்தனை முறை கழுவுகிறார்கள் (தேய்த்தா, சும்மா அலசியா), கஞ்சி வடிக்கிறார்களா அல்லது தண்ணீர் வற்றவிடுகிறார்களா, வெந்த சோற்றின் மொத்த எடையில் தாயின் தட்டுக்குப் போன எடை. வடித்த கஞ்சியை யார் குடிக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். மாட்டுக்கா, குழந்தைகளுக்கா, சாக்கடைக்கா? கஞ்சி தாய்க்கே போகிறது என்றால் கீழே வரும் கணக்கில் ஒரு கழித்தல் குறைகிறது.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. தாய்க்கு 26 வயது, குழந்தைக்கு 11 வாரம். ஐந்து பேர் கொண்ட வீட்டில் ஒரு நாளைக்கு 2 கிலோ தீட்டிய பச்சரிசி. வெந்த சோறு 5 கிலோ. அதில் தாய் சாப்பிட்டது 1250 கிராம், அதாவது கால் பங்கு. ஆக, அவள் பங்குக்கு 500 கிராம் அரிசி. கிராமுக்கு 3.6 கிலோகலோரி என்று வைத்தால் 1800 கிலோகலோரி.

தீட்டிய பச்சரிசியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 0.07 மி.கி. தயமின். 500 கிராமுக்கு 0.35 மி.கி. இந்த இடத்திலேயே கொஞ்சம் நின்று பாருங்கள். 1000 கிலோகலோரிக்கு எவ்வளவு என்று வகுத்தால் 0.19 வருகிறது. 0.3-க்குக் கீழே போனால் பெரிபெரி வரும் அபாயம் என்பதும், 0.5 இருந்தால் கவலையில்லை என்பதும் நெடுநாளாகப் புழங்கும் அளவுகோல். ஒரு துளி கழுவாமல் வடிக்காமலே இந்த அரிசி கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறது.

அப்புறம் சமையல். மூன்று முறை தேய்த்துக் கழுவுகிறார்கள். கழுவும்போது போவது ஐந்தில் ஒரு பங்கிலிருந்து பாதிக்கும் மேல் வரை மாறும். நாம் 40 விழுக்காடு என்று வைத்தால் மிஞ்சுவது 0.21. நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிக்கிறார்கள். மறுபடியும் 40 விழுக்காடு போனால் 0.13. கூட்டுக்குப் போன கீரை 60 கிராம், கருவாடு 20 கிராம், எண்ணெய் 10 கிராம். இவை எல்லாம் சேர்ந்து தருவது சுமார் 0.05 மி.கி.யும் 160 கிலோகலோரியும். மொத்தம் 0.18 மி.கி., 1960 கிலோகலோரி. 1000 கிலோகலோரிக்கு 0.09.

இன்னொரு கோணத்திலும் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள தாய்ப்பாலில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.2 மி.கி. தயமின் இருக்கும். நாளைக்கு முக்கால் லிட்டர் பால் என்றால் குழந்தைக்குப் போக வேண்டியது 0.15 மி.கி. இந்தத் தாய் சாப்பிட்டதே 0.18! மிச்சமிருக்கும் 0.03-ஐ வைத்துக்கொண்டு அவள் உடம்பு ஓட முடியாது. ஆகவே பாலில் குறையும். தாய் கால் மரத்துப்போகிறது என்று சொல்வாள், அல்லது அதுவும் சொல்ல மாட்டாள். குழந்தைதான் முதலில் விழும். பாலூட்டும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1.4 முதல் 1.5 மி.கி. தேவை என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"கஞ்சி வடிக்காதீர்கள், ஒரே முறை கழுவுங்கள்" என்று சொன்னால் சரியாகிவிடுமா? அதையும் கணக்குப் போட வேண்டும். ஒருமுறை அலசலில் 20 விழுக்காடு, வேகும் சூட்டில் 20 விழுக்காடு போனால் அரிசியிலிருந்து 0.22 மிஞ்சும். கூட்டோடு சேர்த்து 0.27, 1000 கிலோகலோரிக்கு 0.14. முன்னேற்றம்தான், ஆனால் கோட்டை எட்டவில்லை. அதே வீட்டில் அதே மென்மையான சமையலோடு 100 கிராமுக்கு 0.2 மி.கி. உள்ள புழுங்கலரிசி வந்தால் மொத்தம் 0.69, அதாவது 1000 கிலோகலோரிக்கு 0.35. இப்போது கோட்டைத் தாண்டுகிறது. புழுங்கலரிசியின் தயமின் அளவு அரவையைப் பொறுத்து நிறைய மாறும் என்பதால் இந்த எண்ணை உங்கள் பகுதி அட்டவணையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கின் பலவீனத்தையும் அறிக்கையில் எழுதுங்கள். கழுவலில் போன அளவு ஊகம்தான். ஒரு நாள் சாப்பாடு ஒரு மாதத்தைக் காட்டாது. நீங்கள் தராசோடு உட்கார்ந்திருக்கும் நாளில் விருந்தாளிக்காகக் கூட்டு ஒன்று கூடுதலாக வரும், அதனால் "நேற்று என்ன?" என்றும் கேளுங்கள். என் வழக்கம், இழப்புக்குக் குறைந்த எண்ணையும் கூடின எண்ணையும் வைத்து இரண்டு விடை எழுதுவது. இரண்டும் 0.3-க்குக் கீழே என்றால் விவாதம் முடிந்தது. இடையில் விழுந்தால் அந்த வீட்டை இன்னொரு நாள் போய்ப் பார்க்க வேண்டும்.

எத்தனை வீடு? சின்ன ஊரென்றால் ஓராண்டுக்குட்பட்ட குழந்தை உள்ள எல்லா வீடும். பெரிய ஊரென்றால் குலுக்கலில் எடுத்த முப்பது வீட்டில் பானையை எடைபோட்டாலே ஊர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். நூறு வீட்டில் "வாரத்துக்கு எத்தனை முறை பருப்பு?" என்று கேட்பதைவிட இது மேல்.

மூன்றாம் படி: மரணங்களை வயது வாரியாக அடுக்குங்கள்

கைக்குழந்தை பெரிபெரியின் கைரேகை வயதில் இருக்கிறது. சாதாரணமாகக் குழந்தை மரணம் முதல் மாதத்தில் உச்சத்தில் இருக்கும், பிறகு மாதாமாதம் சரிந்துகொண்டே வரும். பெரிபெரி உள்ள ஊரில் அந்தச் சரிவின் நடுவே, இரண்டாம் மாதத்திலிருந்து ஐந்தாம் மாதத்துக்குள் இன்னொரு மேடு எழும்பும். பெரும்பாலும் மூன்றாம் மாதத்தை ஒட்டி.

கடந்த இரண்டு வருட மரணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். "எத்தனை மாதக் குழந்தை?" என்று கேட்டால் எல்லாரும் "மூணு மாசம்" என்பார்கள். அது வாய்க்கு வரும் எண். பிறந்த நாளையும் இறந்த நாளையும் விதைப்பு, அறுவடை, திருவிழா போன்றவற்றோடு பொருத்தி வாரக் கணக்கில் பிடியுங்கள். அதன் பின் நான்கு விஷயம் கேளுங்கள்: முந்தின நாள் பால் குடித்ததா, அழுகைக் குரல் மாறியதா, காய்ச்சல் இருந்ததா, முதல் அறிகுறியிலிருந்து முடிவு வரை எத்தனை மணி நேரம்.

உதாரணமாக ஒரு ஊரில் பதினோரு மரணம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதத்தில் 4, இரண்டு முதல் ஐந்து மாதத்தில் 6, அதற்கு மேல் 1. இந்த ஆறில் நான்கு தாய்மார், ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழாத இடத்தில், "நல்லாத்தான் இருந்துச்சு, ராத்திரி வீல்னு கத்துச்சு, அப்புறம் சத்தமே வரல, விடியறதுக்குள்ள போயிடுச்சு" என்கிறார்கள். ஆறு பேரில் நான்கு என்பதை வைத்துப் புள்ளியியல் பேச முடியாது. ஆனால் வடிவம் பேசுகிறது. இதே தாய்மாருக்கு இதற்கு முன் பிறந்த குழந்தைகளும் இதே வயதில் போயினவா என்று கேளுங்கள். ஒரே வீட்டில் இரண்டு மூன்று முறை நடந்திருப்பது பெரிபெரி வட்டாரங்களில் அடிக்கடி கேட்கிற கதை.

இந்த நேர்காணலை அவசரப்படுத்தாதீர்கள். எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பது நல்லது. வெளியே வந்து எழுதிக்கொள்ளலாம்.

நான்காம் படி: ஆட்களைப் பாருங்கள்

பெரியவரிடம் ஐந்து விஷயம்: இரண்டு காலிலும் வீக்கம், மூச்சு வாங்குதல், கைகால் மரத்துப்போதல் அல்லது எரிச்சல், தசைப் பலவீனம், குந்தி எழும் சோதனை. இவற்றில் இரண்டு இருந்து வேறு காரணம் தெரியாவிட்டால் "வாய்ப்புள்ளவர்", ஒன்று மட்டும் இருந்தால் "சந்தேகத்துக்குரியவர்" என்று எல்லாருக்கும் ஒரே விதியை வைத்துக்கொள்ளுங்கள். விதியை முதல் நாளே எழுதி ஒட்டிவிட்டால் மூன்றாம் நாள் அது இளகாது.

குந்தி எழும் சோதனையைப் பலரும் தப்பாகச் செய்கிறார்கள். ஆளைக் குந்தச் சொல்லி, இரண்டு கையையும் தலைமேல் வைக்கச் சொல்லி, எதையும் பிடிக்காமல் எழச் சொல்ல வேண்டும். கை தொடையில் ஊன்றினால் அது "முடியவில்லை"தான். அருகில் ஒருவர் நிற்க வேண்டும், விழுந்துவிடக்கூடும். நிறைமாதக் கர்ப்பிணிக்கும் மூட்டுவலி உள்ள முதியவருக்கும் இந்தச் சோதனை வேண்டாம். தாளில் "செய்யவில்லை, காரணம் இன்னது" என்று எழுதுங்கள்.

வீக்கத்துக்குப் பாதத்தின் மேற்புறத்தில் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்துங்கள், குழி நிற்கிறதா பாருங்கள். கெண்டைக்காலைப் பிடித்து அழுத்தினால் முகம் சுளிக்கிறாரா என்பதையும் பாருங்கள். கணுக்கால் அனிச்சையைத் தட்டிப் பார்ப்பது அவசியம். உலர் பெரிபெரியில் நரம்புப் பாதிப்பு பாதத்திலிருந்து மேலேறும், இரண்டு காலிலும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு காலில் மட்டும் என்றால் வேறு எதையாவது யோசியுங்கள்.

குழந்தையிடம் பெரிபெரிக்கு மூன்று முகம் உண்டு. இரண்டு மூன்று மாதத்தில் இதயம்: வீறிட்டழுகை, வாந்தி, வேகமான மூச்சு, ஓடும் நாடி, வீங்கிய கல்லீரல், நீலம் பாரித்தல். நாலைந்து மாதத்தில் குரல்: வாய் திறந்து அழுகிறது, கண்ணீர் வருகிறது, சத்தம் வரவில்லை, அல்லது கரகரப்பாக வருகிறது. ஏழெட்டு மாதத்தில் மூளை: கண்விழி ஆட்டம், வலிப்பு, மூளைக்காய்ச்சல் போலவே இருக்கும், ஆனால் முதுகுத்தண்டு நீரில் ஒன்றும் இருக்காது. குரலை எழுத்தில் பிடிப்பது கஷ்டம். தாயின் சம்மதத்தோடு பத்து விநாடி அழுகையைக் கைபேசியில் பதிவு செய்து, கோப்பின் பெயரைத் தாளில் எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி பதிவு செய்யும்போது அதன் மதிப்பு தெரியும்.

பெரிபெரி போலவே தோன்றும் போலி நோய்களில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஊர் முழுவதையும் ஏமாற்றக்கூடியது அது. கடுகெண்ணெயில் பிரம்மத்தண்டு விதை எண்ணெய் கலந்தால் வரும் கொள்ளைநோய் நீர்வீக்கத்தை ஒரு காலத்தில் பெரிபெரி என்றே நினைத்தார்கள். அங்கும் ஒரே வீட்டில் பலருக்குக் கால் வீங்கும், மூச்சு வாங்கும். ஆனால் அதில் காலில் தோல் சிவந்து சூடாக இருக்கும், பால் மட்டும் குடிக்கும் குழந்தைகள் பெரும்பாலும் தப்பிவிடும், தயமின் கொடுத்தாலும் சரியாகாது. பெரிபெரியில் குழந்தைதான் முதலில் விழும். ஆகவே எந்த ஊரிலும் "என்ன எண்ணெய்?" என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். இரத்தசோகை, சிறுநீரகக் கோளாறு, புரதக்குறைவு வீக்கம் ஆகியவற்றை வழக்கமான சோதனைகளால் விலக்குங்கள்.

ஐந்தாம் படி: மருந்து கொடுங்கள், நேரத்தை எழுதுங்கள்

சந்தேகம் வந்த குழந்தைக்கு ஆய்வக முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது. மோசமான நிலையில் உள்ள குழந்தைக்கு 25 முதல் 50 மி.கி. தயமினை இரத்தநாளம் வழியாக மிக மெதுவாகக் கொடுப்பது, பிறகு ஒரு வாரம் தினம் 10 மி.கி. தசையில், அப்புறம் குறைந்தது ஆறு வாரம் வாய்வழி 3 முதல் 5 மி.கி. என்பது பழகிய முறை; இதைப் பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர்தான் செய்ய வேண்டும். தாய்க்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தால் தயமின் முதலில் போக வேண்டும், இல்லாவிட்டால் உள்ள கொஞ்சமும் எரிந்து நிலைமை மோசமாகும்.

இந்த மருந்துக்குக் கிடைக்கும் பதில்தான் களத்தில் உங்கள் கையிலுள்ள சிறந்த சோதனை. இதயப் பெரிபெரி மணிக்கணக்கில் திரும்பும். குரல் திரும்ப வாரங்கள் ஆகலாம். நரம்பு மாதங்கள் எடுக்கும், முழுதாகத் திரும்பாமலும் போகலாம். ஆகவே "குணமாயிற்று" என்று எழுதினால் ஒன்றும் விளங்காது. ஒரு பதிவு இப்படி இருக்க வேண்டும் (இதுவும் விளக்கத்துக்கான மாதிரிதான்):

> ஆண், 11 வாரம், தாய்ப்பால் மட்டும். எடை 5.6 கிலோ.
> 06:40 – மூச்சு நிமிடத்துக்கு 72, நாடி 184, வெப்பம் 36.8. கல்லீரல் விலாவுக்குக் கீழ் 4 செ.மீ. அழுகை கரகரப்பு. வீக்கம் இல்லை. கணுக்கால் அனிச்சை பரிசோதிக்கவில்லை.
> 07:00 – இரத்தம் எடுத்தாயிற்று.
> 07:05 – தயமின் 25 மி.கி., இரத்தநாளம் வழி, பத்து நிமிடத்தில்.
> 07:20 – நுண்ணுயிர்க்கொல்லி முதல் வேளை.
> 08:05 – மூச்சு 64, நாடி 168.
> 13:00 – மூச்சு 52, நாடி 150. பால் குடித்தது.
> மறுநாள் 07:00 – மூச்சு 44, நாடி 138, கல்லீரல் 2 செ.மீ. அழுகை இன்னும் கரகரப்பு.

இதில் இரண்டு வரி முக்கியம். ஒன்று, "பரிசோதிக்கவில்லை". நிறையப் படிவங்களில் காலியாக விட்ட கட்டம் பிறகு கணினியில் ஏறும்போது "இல்லை" ஆகிவிடுகிறது, ஊரில் நரம்புப் பாதிப்பே கிடையாது என்ற முடிவும் வந்துவிடுகிறது. உண்டு, இல்லை, பார்க்கவில்லை என்று மூன்று பதில் வையுங்கள். இரண்டு, 07:20 வரி. நுண்ணுயிர்க்கொல்லியும் கொடுத்திருக்கிறோம், ஆகவே முன்னேற்றம் முழுவதையும் தயமின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் ஆறு மணி நேரத்தில் நாடி 34 குறைவது நிமோனியா தெளிகிற வேகம் அல்ல. இந்தக் குழந்தையை நான் "வாய்ப்புள்ளவர்" என்றுதான் வகைப்படுத்துவேன். இரத்த முடிவும் குறைபாட்டைக் காட்டினால் "உறுதியானவர்". நோய்க் குறியீடு தேவைப்படும் பதிவேட்டில் பெரிபெரிக்கு E51.1, வெர்னிக்கே மூளைப் பாதிப்புக்கு E51.2. முடிவு தெளியும் முன் குறியீட்டை எழுதிவிடாதீர்கள். பார்த்ததை எழுதுங்கள், குறியீடு கடைசியில் வரட்டும்.

ஆய்வகத்திடம் எதை எதிர்பார்க்கலாம்

இரண்டு சோதனைகள் புழக்கத்தில் உண்டு. ஒன்று, சிவப்பணுவில் டிரான்ஸ்கீட்டோலேஸ் நொதியின் வேலையைத் தயமின் சேர்த்தும் சேர்க்காமலும் அளந்து இரண்டின் விகிதம் பார்ப்பது. 1.15 வரை சரி, 1.25-க்கு மேல் குறைபாடு, நடுவில் உள்ளது விளிம்பு. நெடுநாள் குறைபாட்டில் நொதியே குறைந்துபோய் விகிதம் பொய்யாக நன்றாகத் தெரியலாம் என்பது இதன் பொறி. மற்றொன்று, முழு இரத்தத்தில் தயமின் டைபாஸ்பேட்டை நேரடியாக அளப்பது. இதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே வெட்டுப்புள்ளி கிடையாது, ஆகவே ஆய்வகம் தரும் இயல்பு எல்லையை அப்படியே பக்கத்தில் எழுதுங்கள். அது பெரும்பாலும் சிவப்பணுவுக்குள் இருப்பதால் இரத்தசோகை உள்ளவரிடம் குறைவாகத் தெரியும். ஹீமோகுளோபின் அளவும் அதே வரியில் இருக்க வேண்டும்.

மருந்துக்கு முன் எடுத்த இரத்தம்தான் பொருள் தரும். மாதிரி இருட்டில், உடனே குளிரில், பிறகு உறைநிலையில் போக வேண்டும். எடுத்த நேரம், மருந்து கொடுத்த நேரம், உறைய வைத்த நேரம் மூன்றும் இல்லாத மாதிரியின் முடிவை நான் நம்புவதில்லை. இரத்தம் எடுக்க இரத்தநாளம் கிடைக்கவில்லை என்று மருந்தைத் தள்ளிப்போடுவது மட்டும் கூடவே கூடாது.

தாய்ப்பாலும் அளக்கலாம். லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குழந்தைக்கு ஆபத்து. தாய் நலமாகத் தெரியும் ஊரில் இது ரொம்ப உதவும்.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவருதல்

நாலு வரி போதும். அரிசி மாறிய தேதி. பானைக் கணக்கில் 0.3-க்குக் கீழே வந்த வீடுகள் எத்தனையில் எத்தனை. இரண்டு முதல் ஐந்து மாத மேடு இருக்கிறதா. ஒவ்வொரு வகையிலும் ஆட்கள் எத்தனை, எத்தனை பேரைப் பரிசோதித்ததில். கடைசிப் பகுதியை விட்டால் எண்ணுக்கு அர்த்தமில்லை. "ஏழு பேர்" என்பது எழுபதில் ஏழா, எழுநூறில் ஏழா?

நெருக்கடிகளில் தயமின் குறைபாடு பற்றி உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, நோய்க்குறியுள்ள ஒரே ஒருவர் கிடைத்தாலும் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினைதான். ஆகவே உறுதியான ஒரு குழந்தை, தாழ்ந்த பானைக் கணக்கு, மரண மேடு மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் அடுத்த கட்டக் கணக்கெடுப்புக்குக் காத்திருக்காமல் அன்றே மேலிடத்துக்கு எழுதுங்கள், பாலூட்டும் தாய்மாருக்கும் கர்ப்பிணிகளுக்கும் தயமின் மாத்திரையைக் கேளுங்கள். பானைக் கணக்கு தாழ்ந்து நோயாளி யாரும் இல்லையென்றால் அரிசி எப்போது மாறியது என்ற தேதியைத் திரும்பப் பாருங்கள். மூன்று வாரம்தான் ஆகிறது என்றால் நீங்கள் முன்கூட்டியே வந்திருக்கிறீர்கள். நோயாளிகள் இருந்து பானைக் கணக்கு நன்றாக இருந்தால், எண்ணெய்யையும் மதுவையும் போலிகளையும் திரும்பத் தேடுங்கள். வடித்த கஞ்சியைத் தாய் குடிப்பதாக நீங்களாகவே எழுதிக்கொண்டீர்களா என்றும் பாருங்கள்.

ஆறு வாரம் கழித்து அதே வீடுகளுக்குப் போங்கள். தராசையும் கைபேசியையும் எடுத்துச் செல்லுங்கள். சோறு எடைபோட வேண்டும், குழந்தையின் அழுகையைப் பழைய பதிவோடு சேர்த்துக் கேட்க வேண்டும், தாயைக் குந்தி எழச் சொல்ல வேண்டும். புதிய எண்களைப் பழைய தாளின் அடுத்த நெடுவரிசையிலேயே எழுதுங்கள், தனித் தாளில் வேண்டாம்.